கடைவீதி வணிகர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

சுதந்திர தினக் கொடியேற்றம், ஆயுத பூஜை, கோடையில் நீர்மோர்ப் பந்தல் ஆகியவை வழக்கம்போல் நடந்தன. செயற்குழு ஐந்து முறை கூடியது. இரண்டு முறை போதிய ஆட்கள் வரவில்லை.

இந்த ஆண்டின் பெரிய வேலை வாடிக்கையாளர் கருத்துக்கணிப்புதான். அதைப் பற்றிப் பேச்சு கிளம்பியிருப்பதால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதல் அழைப்பை எழுதியது நான்தான்: "உங்கள் கருத்து எங்களுக்குப் பொக்கிஷம்! இரண்டே நிமிடம்! விவரங்கள் முற்றிலும் ரகசியம்! குலுக்கலில் வெள்ளி நாணயம்!" உள்ளே 24 கேள்விகள் இருந்தன, பெயரும் கைபேசி எண்ணும் கட்டாயம். எடைத்தராசு பற்றி ஒரு அம்மா எழுதியதைப் பார்த்த நம் உறுப்பினர் ஒருவர், அவருக்கே போன் போட்டு, "என் கடையைப் பற்றி ஏம்மா இப்படி எழுதினீங்க?" என்று கேட்டுவிட்டார். அந்த அம்மா கடைக்கு வந்து கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அதனால் அழைப்பை மாற்றி எழுதினேன். நோக்கத்தில் "சேவையை மேம்படுத்த" என்று போட்டிருந்தோம். அது எதையும் சொல்லவில்லை. உண்மையில் நாம் முடிவு செய்யவேண்டியவை இரண்டுதான்: ஞாயிறு மாலை கடை திறப்பதா, டூவீலர் நிறுத்த காலிமனையை வாடகைக்கு எடுப்பதா. தீபாவளிச் சலுகைக்கு எண் சேகரிப்பது மூன்றாவது நோக்கமாக ஒளிந்திருந்தது. அதை எடுத்துவிட்டேன். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒப்புதல் கேட்கும்போது என்ன விவரம், எதற்காக என்று சொல்லச் சொல்கிறது.

நேரத்தைப் பார்க்க, சங்கத்துக்குச் சம்பந்தமில்லாத ஆறு பேரிடம் போனைக் கொடுத்துக் கடிகாரம் பிடித்தேன். 24 கேள்விக்குச் சீக்கிரம் முடித்தவருக்கே 9 நிமிடம் ஆனது. கேள்விகளை எட்டாகக் குறைத்து, தட்டச்சு செய்யவேண்டியதை ஒன்றே ஒன்றாக வைத்த பிறகு, ஐந்து பேர் 4 நிமிடத்துக்குள் முடித்தார்கள். தமிழில் மெதுவாகத் தட்டச்சு செய்யும் பெரியவருக்கு 7 ஆனது. அதையும் அழைப்பில் போட்டேன்.

ரகசியம்தான் சிக்கல் பிடித்தது. "யார் எழுதியது என்று எங்களுக்கே தெரியாது" என்பது ஒன்று; "தெரியும், வெளியே சொல்லமாட்டோம்" என்பது வேறு. நாம் இரண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதைச் சொல்லியிருந்தோம். பெயர், எண் கேட்கும் கேள்விகளை நீக்கினேன். குலுக்கலுக்குத் தனிப் படிவம் வைத்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கூகுள் படிவத்தின் தாளில் ஒவ்வொரு வரியிலும் `Timestamp` விழுகிறது. ஒருவர் 6.12-க்குக் கருத்தும் 6.13-க்குக் குலுக்கல் எண்ணும் அனுப்பினால், இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தாலே ஆள் தெரிந்துவிடும். அதனால் குலுக்கலைக் கடைகளில் சீட்டுப் பெட்டிக்கு மாற்றினோம். பொருள் வாங்குகிற யாரும் சீட்டுப் போடலாம், கருத்துச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. `Limit to 1 response` என்பதையும் அணைத்தேன், அது கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லி மக்களைப் பயமுறுத்துகிறது. ஒருவரே இரண்டு முறை நிரப்ப வழியிருக்கிறது என்பது உண்மைதான். அதை ஏற்றுக்கொண்டேன்.

கடைசியில் போன அழைப்பு இது:

"கடைவீதி வணிகர் சங்கத்திலிருந்து எழுதுகிறோம். ஞாயிறு மாலை கடை திறப்பது, வண்டி நிறுத்துமிடம் ஆகிய இரண்டையும் முடிவு செய்ய உங்கள் கருத்து வேண்டும். எட்டுக் கேள்விகள், பலருக்கு 4 நிமிடம், சிலருக்கு 7 ஆகலாம். பெயரோ எண்ணோ கேட்கமாட்டோம். நீங்கள் எழுதுவதைச் செயலாளரும் பொருளாளரும் மட்டும் படிப்பார்கள். உங்களை அடையாளம் காட்டும் விவரத்தை அதில் எழுதவேண்டாம். மூன்று மாதத்தில் அழித்துவிடுவோம். விருப்பமில்லையென்றால் விட்டுவிடலாம்."

பதில்கள் குவிந்துவிட்டன என்று சொல்லமாட்டேன். முதல் முறையைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் தராசைப் பற்றி இந்த முறை மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். எந்தக் கடை என்று என்னிடம் கேட்கவேண்டாம். அழைப்பில் என்ன எழுதினோமோ அதுதான் என் பதில்.

வரவு செலவு ஏறக்குறைய சமமாக உள்ளது, விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. பந்தல் செலவில் ஒரு பகுதி இன்னும் என் கையிலிருந்து போனதுதான். சந்தா பாதிப் பேரிடமிருந்து வரவில்லை. பெயர் வாசிக்க மனமில்லை.

பந்தலுக்கு மோர் கொடுத்தவர்களுக்கும், ஆறு பேரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்த டீக்கடைக்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு காலிமனைக்கு முன்பணம் கட்டவேண்டும். கணிப்பில் நிறுத்துமிடம் கேட்டவர்களுக்கு என்ன முடிவு செய்தோம் என்று கடைகளில் அறிவிப்பு ஒட்டவும் வேண்டும். பணம் இல்லாவிட்டால் அந்த அறிவிப்பில் அதையே எழுதுவேன். செயலாளர் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால், படிவத்தின் கடவுச்சொல்லை இன்றைக்கே தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்