2,430 படுத்திய பாடு

அன்புள்ள சேகர்,

நாலு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? எனக்கும் வந்துவிட்டது, சங்கத்துக் கணக்கால்.

கோபால் பேச்சைக் கேட்டுப் பொருளாளர் ஆனேன். (அவன் பேச்சைக் கேட்டு எது உருப்பட்டிருக்கிறது?) பழைய பொருளாளர் கொடுத்தது ஒரு கேஷ் புக்கும், போனில் எடுத்த 117 வவுச்சர் படங்களும். பாதி தலைகீழ். ஒன்றில் தொகையின் மேலேயே கட்டைவிரல்.

முதல் முட்டாள்தனம், வருட வரவு செலவு அறிக்கைக்காகப் படங்களை வைத்தே செலவைக் கூட்டினேன். இறுதி இருப்பு 45,210 வந்தது. கேஷ் புக்கிலோ ரொக்கமும் வங்கியும் சேர்த்து 47,640. வித்தியாசம் 2,430. ஒன்பதால் வகுபடுகிறதே, இலக்கங்களை இடம் மாற்றி எழுதினால் அப்படித்தான் வரும், எங்கோ மாற்றி எழுதியிருக்கிறேன் என்று ராத்திரி முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை.

காலையில்தான் பார்த்தேன்: எலக்ட்ரீஷியனின் பில் ஒரு படம், அதற்குப் பணம் கொடுத்த வவுச்சர் இன்னொரு படம். நாலு நாள் இடைவெளியில் வேறு வேறு தேதி; நான் இரண்டையும் கூட்டியிருக்கிறேன். வவுச்சரின் ஓரத்தில் அந்த பில் எண்ணே எழுதியிருந்தது!

அப்புறம் வேலையைத் திருப்பிப் போட்டேன். கேஷ் புக்கில் ஒவ்வொரு வரிக்கும் நேராகப் படத்தின் எண்ணைப் பென்சிலால் எழுதினேன். கணக்கு வரியிலிருந்து, படம் வெறும் சாட்சி. பில் போன வருடத்தது, பணம் இந்த வருடம் போனது என்றால் இந்த வருடக் கணக்கில்தான். பழைய பாக்கிச் சந்தா இப்போது வந்தாலும் அப்படியே.

இருப்பு ஒத்துப்போனதும் தப்பித்தோம் என்று நினைத்தேன். இல்லை! ரொக்கத்திலிருந்து வங்கியில் கட்டிய 15,000 செலவுப் பக்கமும் வரவுப் பக்கமும் உட்கார்ந்திருந்தது. நம் பணத்தை இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றியதுதான். எதிர்ப்பதிவு, அறிக்கையில் வரவே கூடாது. ஆனால் இரண்டு பக்கமும் சமமாக ஊதுவதால் இருப்பு காட்டிக்கொடுக்காது. சங்கம் 15,000 அதிகமாகச் சம்பாதித்துச் செலவழித்த மாதிரி தெரியும், அவ்வளவுதான். பாஸ்புக்கில் ரொக்கம் கட்டிய வரிகளைத் தேடிப் பார்த்துத்தான் பிடித்தேன்.

சேகர், இனி விளையாட்டில்லை. மூன்று வரிகளுக்குப் படமே இல்லை. பழைய தேதி போட்டு வவுச்சர் எழுதிவிடலாம் என்கிறான் கோபால். முடியாது என்றேன், இப்போது என்னோடு பேசுவதில்லை. பணம் வாங்கியவர்களிடம் இன்றைய தேதியில் கையெழுத்து கேட்டிருக்கிறேன். கிடைக்காததை 'சீட்டு இல்லை' என்றே எழுதித் தணிக்கையாளரிடம் தருவேன். நீ நடத்திய சங்கத்தில் இப்படி வந்தபோது என்ன செய்தாய்? பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் பதில் போடு.

உன்,
ராஜு