மேலே ஏறப்போகும் என் பிளட்டூனுக்கு

அன்புள்ள தம்பிகளுக்கும் அண்ணன்மார்களுக்கும் கேரளத்துச் சேட்டன்மார்களுக்கும்,

எனக்குப் போஸ்டிங் வந்த செய்தி எனக்கு முன்பே லங்கருக்கு வந்து சேர்ந்துவிட்டது. எனவே புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வெலிங்டனில் நம் ரெஜிமெண்டல் சென்டர், ரெக்ரூட் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. நல்ல இடம், குடும்பத்தோடு இருக்கலாம். ஆனால் இன்னும் சில வாரங்களில் நம் கம்பெனி மறுபடியும் மேலே போகிறது. இந்த முறை நான் உங்களோடு ஏறப்போவதில்லை என்பதுதான் மனதை அறுக்கிறது.

பாராகானாவில் நன்றி சொல்லிவிட்டேன். கறிச்சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேச முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்த மடல். இத்தனை வருடமாகப் பிளட்டூனில் மருந்துப் பெட்டியைச் சுமந்தவன் நான். பெட்டியை நெல்லூர் தம்பியிடம் கணக்குப் பார்த்து ஒப்படைத்துவிட்டேன். பெட்டிக்குள் இல்லாததை எல்லோருக்கும் ஒப்படைக்க வேண்டும்.

நம் தேனித் தம்பிக்கு நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். அவன் எழுதச் சொல்லித்தான் எழுதுகிறேன். அந்த இரவில் போஸ்டில் இருந்தவர்கள் நம்மில் பாதிப்பேர்தான். மற்றவர்களுக்கு அது பாதிக் கதையாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

லீவு முடிந்து சண்டிகரிலிருந்து விமானத்தில் லே வந்தான். ஒரு மணி நேரத்தில் ஆயிரம் அடி உயரத்திலிருந்து 11,500 அடிக்கு உடம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாகிவிட்டது. அதற்காகத்தான் முதல் கட்டம் ஆறு நாள் என்று வைத்திருக்கிறார்கள்: முதல் இரண்டு நாள் படுக்கை, சாப்பாடு, தண்ணீர் மட்டும், அடுத்த நான்கு நாள் மெல்ல மெல்ல நடை. அப்புறம் 12,000 அடிக்கு மேல் நான்கு நாள், 15,000 அடிக்கு மேல் இன்னொரு நான்கு நாள். மொத்தம் பதினான்கு நாள். அவனும் ஆறு நாள் லேயில் இருந்தான். ஆனால் ஓய்வு நாளிலேயே கடைத்தெருவுக்குப் போய் அலைந்திருக்கிறான். "நான் புது ஆளா, ஆறு மாசம் மேலேயே இருந்தவன்தானே" என்ற நினைப்பு. கீழே போய்ச் சில வாரம் இருந்துவிட்டால் உடம்பு அந்த ஆறு மாதத்தை மறந்துவிடும் தம்பிகளா. லீவிலிருந்து வருகிறவன் இந்த விஷயத்தில் புது ஆளேதான். சொல்லப்போனால் புது ஆளைவிட அவனுக்கே ஆபத்து அதிகம், ஏனென்றால் புது ஆளுக்குப் பயம் இருக்கும்.

போஸ்டுக்கு வந்த இரண்டாம் நாள், யாரும் சொல்லாமலே மண்ணெண்ணெய் ஜெரிகேனைத் தூக்கிக்கொண்டு மேல் பங்கருக்கு ஏறினான். அன்று சாயங்காலம் வறட்டு இருமல். ஊரில் பிடித்த சளி என்றான். தலைவலி இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றான். அதை நம்பி விட்டிருந்தால் இன்று இந்த மடலை வேறு மாதிரி எழுதியிருப்பேன். கண்டுபிடித்தது நானில்லை, அவனுடைய ஜோடி நெல்லூர் தம்பி. அவன் என்னிடம் வந்து சொன்னது மூன்று விஷயம்: "அண்ணா, பூட் லேஸ் கட்டும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குகிறான். ராத்திரி ரொட்டியை அப்படியே வைத்துவிட்டான். இப்போது படுக்காமல் உட்கார்ந்தே தூங்கப் பார்க்கிறான்."

இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள். ஏறும்போது எல்லோருக்கும் மூச்சு வாங்கும், அது நோயில்லை. உட்கார்ந்திருக்கும்போதும் வாங்கினால், படுத்தால் அதிகமானால், அதுதான் நுரையீரலில் நீர் கோக்கிறது என்பதற்கு அடையாளம். டாக்டர்கள் ஹேப்போ என்கிறார்கள். பெரும்பாலும் புது உயரத்துக்கு வந்த இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், அதுவும் இரவில் முற்றும். இளஞ்சிவப்பு நுரையோடு சளி வரும் வரை காத்திருந்தால் ரொம்பத் தாமதம்.

விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினேன். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. விரல் சில்லிட்டிருந்தால் கருவி தப்பாகக் காட்டும், கையுறைக்குள் வைத்து விரலைச் சூடாக்கிய பிறகே பார்க்க வேண்டும். அப்புறம், எண்ணை மட்டும் பார்த்து ஒரு முடிவுக்கு வரக்கூடாது. அந்த உயரத்தில் நன்றாக இருப்பவனுக்கே எண்பதுகளில்தான் இருக்கும். கீழே அதே எண் வந்தால் ஆஸ்பத்திரியில் ஓடி வருவார்கள். ஆகவே பக்கத்தில் இருப்பவனோடு ஒப்பிடுங்கள். நெல்லூர் தம்பிக்கு 84, தேனித் தம்பிக்கு 58. ஒரே பங்கர், ஒரே உயரம். அந்த வித்தியாசம்தான் பேசியது.

ஆர்.எம்.ஓ. சாபுக்கு ரேடியோ செட்டில் சொன்னோம். ஆக்ஸிஜன் வைத்தோம், அவர் சொன்ன மாத்திரையைக் கொடுத்தோம். பனிமூட்டத்தில் ஹெலிகாப்டர் வராது, இருட்டில் அந்தச் சரிவில் ஸ்ட்ரெச்சர் இறக்க முடியாது. மிச்சம் இருந்தது ஹேப்போ பை. ஆளை உள்ளே வைத்து ஜிப்பை மூடிக் காலால் பம்ப் அடித்தால் உள்ளே காற்றழுத்தம் ஏறி, சுமார் 5,000 அடி கீழே இறங்கியது போன்ற நிலை அவனுக்குக் கிடைக்கும். பை உப்பிவிட்டது என்று பம்பை நிறுத்திவிடக் கூடாது. அவன் விட்ட மூச்சே உள்ளே தேங்கிவிடும், புதுக் காற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். நேராகப் படுக்க முடியாதவன் என்பதால் தலைப்பக்கத்தை மணல் மூட்டை அடுக்கி உயர்த்தினோம். பையின் கண்ணாடி வழியாக அவன் முகம் தெரியும்படி டார்ச்சை வைத்தோம், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்த உயரத்தில் பம்ப் அடிப்பவனுக்கே சில நிமிடத்தில் நாக்குத் தள்ளும். ஆள் மாற்றி ஆள் மாற்றி விடிய விடிய அடித்தீர்கள். சென்ட்ரி முடித்து வந்த கொல்லத்துச் சேட்டன் பூட்டைக்கூடக் கழற்றாமல் நேரே பம்புக்கு வந்தார். அந்த வாரம் முழுக்க அவரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த ஒருவரும் அதே பம்பில் அவருக்குப் பக்கத்தில் நின்றார். என் சர்வீஸில் நான் பார்த்த மிகப் பெரிய காரியம் எது என்று வெலிங்டனில் பையன்கள் கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

காலையில் மூட்டம் விலகி ஹெலிகாப்டர் வந்தது. பையிலிருந்து எடுத்தபோது நன்றாகவே பேசினான். "அண்ணா, சரியாகிவிட்டது, இங்கேயே இருக்கிறேன்" என்றான். அங்கேதான் பலர் ஏமாறுவார்கள். பை நேரம் வாங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். சிகிச்சை என்பது கீழே இறக்குவது. இறக்கினோம். இன்று பேஸில் ஸ்டோர் வேலை பார்த்துக்கொண்டு நம்மோடு இருக்கிறான்.

ஏன் மறைத்தான் என்று அப்புறம் கேட்டேன். இறக்கிவிட்டால் மெடிக்கல் கேட்டகரி இறங்கும், கேட்டகரி இறங்கினால் கோர்ஸ் போகும், பிரமோஷன் தள்ளும், வீட்டில் தங்கை கல்யாணம் இருக்கிறது என்றான். இது பொய்ப் பயமில்லை. நம் எல்லோருக்கும் உள்ள பயம். அதனால் "மறைக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை.

ஆகவே கம்பெனி கமாண்டர் சாபுக்கும் சுபேதார் சாபுக்கும் இதன் வழியாகவே ஒரு வேண்டுகோள். மேலே முதல் வாரத்தில் தலைவலி, இருமல் என்று யார் வந்து சொன்னாலும் "பஹானா" என்ற வார்த்தை யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. ஒருமுறை ஒருவனை அப்படிச் சொல்லிச் சிரித்தால், அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பத்துப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். ஆரம்பத்திலேயே சொன்னவன் பல நேரம் ஓரிரண்டு நாள் ஓய்வோடு தேறிவிடுகிறான். மறைத்தவனைத்தான் ஸ்ட்ரெச்சரில் இறக்க வேண்டியிருக்கிறது. காலை ரோல் காலில் "எப்படி இருக்கிறாய்" என்று ஆளையே கேட்காமல், அவனுடைய ஜோடியைக் கேளுங்கள்: ராத்திரி சாப்பிட்டானா, படுத்துத் தூங்கினானா, சிறுநீர் சரியாகப் போகிறானா? இந்த வழக்கத்தை நான் போன பிறகும் விடாதீர்கள் சாப்.

இந்த நோயைப் பெரிய அளவில் ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னவர்களில் நம் ராணுவ டாக்டர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். 1962 போருக்குப் பிறகு இமயமலை உயரங்களில் நின்ற 1,925 ஜவான்களைப் பார்த்து 1969-இல் எழுதினார்கள். இன்று நாம் படுத்து ஓய்வெடுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் பின்னால் அப்படி விழுந்தவர்கள் இருக்கிறார்கள். ஓய்வு நாளில் வாலிபால் ஆடத் தோன்றினால் அவர்களை நினையுங்கள்.

மூளையில் நீர் கோப்பது அரிது, ஆனால் வந்தால் இதைவிட வேகம். குடித்தவன் போலத் தடுமாறுவான், சம்பந்தமில்லாமல் பேசுவான். தரையில் ஒரு கோடு போட்டு, குதிகாலையும் விரல்நுனியையும் ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். நடக்க முடியவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே செட்டில் சொல்லி இறக்கும் வழியைப் பாருங்கள். அவனைத் தனியாக மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

புகாரி அடுப்பை எரியவிட்டுக்கொண்டு தூங்காதீர்கள், காற்று வழியைக் கந்தல் வைத்து அடைக்காதீர்கள், குளிரில் செத்தவனைவிட அந்தப் புகையில் செத்தவனைக் காப்பாற்றுவது சுலபமாக இருந்திருக்கும். ஈரச் சாக்ஸை மாற்றுங்கள். மரத்துப்போன விரலைத் தேய்க்காதீர்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

நெல்லூர் தம்பி, பெட்டி இனி உன்னுடையது. ஆக்ஸிமீட்டரின் பேட்டரியை உன் உள்சட்டைப் பையில் வை, குளிரில் சார்ஜ் இறங்கிவிடும். பையின் ஜிப்பில் மணல் இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன் பார். மேலே போன முதல் நாளே எல்லோரையும் நிற்க வைத்து ஒருமுறை பையை விரித்து, ஒருவனை உள்ளே படுக்க வைத்துப் பம்ப் அடித்துக் காட்டு. ராத்திரி பதற்றத்தில் முதல்முறையாக அதை விரிக்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

எனக்கு நாளை மறுநாள் மூவ்மெண்ட். லீவில் ஊருக்குப் போகிறவர்கள் மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறி வந்துவிடுங்கள். குவார்ட்டர்ஸில் இடம் உண்டு, உங்கள் அண்ணி மீன் குழம்பு வைப்பாள். திரும்பி யூனிட்டுக்குப் போகும்போது லேயில் ஆறு நாளும் சொன்னபடி இருந்தேன் என்று எனக்கு ஒரு போன் போட வேண்டும்.

வீர மதராசி!

உங்கள்
ஹவில்தார் அண்ணன்