உன் போனில் இருக்கும் மொய்

அன்புள்ள கார்த்திக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

உன் கல்யாண மொய் நோட்டை இப்போதுதான் ஊர்வாரியாகப் பிரித்து எழுதி முடித்தேன். மண்டபத்தில் எழுதியது வந்த வரிசையில் இருக்கிறது. உசிலம்பட்டிக்காரருக்கு அடுத்த வரியில் தேனிக்காரர், அதற்கடுத்து உன் பெரியம்மா வீடு. நாளைக்கு ஒரு ஊரிலிருந்து பத்திரிகை வந்தால், அந்த ஊர்க்காரர் நமக்கு என்ன செய்தார் என்று முந்நூறு வரியையும் புரட்ட முடியாது. இப்போது கம்ப்யூட்டரில் மொய் எழுதுகிறவர்கள் ஊர்வாரியாக அச்சடித்தே கொடுத்துவிடுகிறார்கள். நமக்குக் கையால்தான்.

பக்கத்துக்குப் பக்கம் கூட்டிப் பார்த்தேன், பணத்தோடு சரியாக வந்துவிட்டது. ஆனால் இந்த நோட்டு முழு நோட்டு இல்லை. உன் போனுக்குக் கூகுள் பேயில் வந்த மொய் எதுவும் இதில் ஏறவில்லை. முப்பது பேருக்கு மேல் போட்டார்கள் என்று கல்யாணத்தன்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பிவிட்டு முடிந்தது என்று நினைத்துவிடாதே. ஏன் என்று சொல்கிறேன்.

மொய்க் கணக்கில் தொகை தப்புவது அபூர்வம். பேர்தான் தப்பும். ஒரு கல்யாண நோட்டில் ‘செல்வம், செக்கானூரணி, 500’ என்று மட்டும் யாரோ எழுதிவிட்டார்கள். செக்கானூரணியில் நமக்கு இரண்டு செல்வம். ஒருத்தர் கொத்தனார், இன்னொருத்தர் லாரி ஓட்டினார். கொத்தனார் வீட்டு விசேஷம் முதலில் வந்தது. நோட்டைப் பார்த்து அவருக்கு 501 செய்துவிட்டு, அந்த வரியை அடித்துவிட்டேன். பிறகு லாரிக்காரர் மகள் சடங்குக்குப் போனபோது, அவருக்கு நாம் பாக்கி இல்லை என்ற நினைப்பில் 201 எழுதிவிட்டு வந்தேன். 500 போட்டவர் அவர்தான். வாய் திறந்து கேட்கவில்லை. உன் கல்யாணத்துக்கும் வரவில்லை. அவர் சம்சாரம் பஸ் ஸ்டாப்பில் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. போய் மன்னிப்புக் கேட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன், ஆனாலும் அந்த முகம் பழைய முகம் இல்லை.

அதனால் ஒவ்வொரு பேருக்கும் ஊர், அப்பா பேரின் முதல் எழுத்து, தொழில் அல்லது வீட்டுப் பட்டப்பேர், யார் வழியில் நமக்குப் பழக்கம், இவ்வளவும் வேண்டும். போனில் வந்ததற்கு இன்னொன்றும் வேண்டும். பணம் யார் நம்பரிலிருந்து வந்தது என்பது வேறு, யாருடைய மொய் என்பது வேறு. மகன் போனிலிருந்து அப்பா போட்டிருப்பார், புருஷன் போனிலிருந்து பொண்டாட்டி தன் தாய் வீட்டுக்காகப் போட்டிருப்பாள். கொரோனா சமயத்தில் ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றிருந்தபோது நாமே இப்படி நாலைந்து வீட்டுக்கு உன் போனிலிருந்து போட்டோம், ஞாபகம் இருக்கிறதா? அந்த வீடுகளில் உன் பேரை எழுதினார்களா, என் பேரை எழுதினார்களா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இனி திருப்பிச் செய்யும் கணக்கு. வந்ததை அப்படியே திருப்புவதுதானே என்று நீ நினைக்கலாம். கருமாத்தூர் மாமா வீட்டுக் கணக்கை எடுத்துக்கொள். உன் காதுகுத்துக்கு அவர் 101 எழுதினார். அவர் மகள் கல்யாணத்தில் நாம் 501 செய்தோம். அதில் 101 பழையது, மீதி 400 புதுசு. அதாவது அவர் நமக்கு 400 தர வேண்டும். நம் வீடு குடிபுகும்போது 1001 போட்டார். 400 கழிந்தது, 601 அவருடைய புதுசு. அவர் பெரிய மகன் கல்யாணத்தில் நான் 1501 எழுதினேன். 601 போக நம் பணம் 900 அவரிடம் நின்றது. உன் கல்யாணத்துக்கு 2001 செய்திருக்கிறார். 900 கழித்தால் இன்றைக்கு நாம் அவருக்கு 1101 பாக்கி.

இதற்கு வட்டி கிடையாது. எந்த வருஷத்து 101 ஆனாலும் கணக்கில் அது 101தான். விலைவாசி ஏறியதற்கெல்லாம் அந்தப் புதுசுதான் ஈடு. சரியாக 1101 மட்டும் கொண்டுபோய் வைத்தால் கணக்கு தீரும், ஆனால் ‘இதோடு போதும்’ என்று சொன்னதாகவும் ஆகும். வேண்டாத இடத்தில் அப்படித்தான் முறிப்பார்கள். வேண்டிய இடத்தில் கொஞ்சம் புதுசு சேர்க்கணும். அதற்காக மூன்று மடங்கு போடாதே. எதிராளிக்கு அது பாரம், நம் வீட்டில் அடுத்த விசேஷம் வரும்போது நம்மைத் திட்டிக்கொண்டே திருப்புவார். நிறையப் பேர் இவ்வளவு பார்ப்பதில்லை, கடைசி வரியைப் பார்த்து அதையே எழுதிவிட்டு வருகிறார்கள். அதுவும் நடக்கத்தான் நடக்கிறது.

இதெல்லாம் பார்க்க இரண்டு நோட்டு வேண்டும். வந்தது விசேஷத்துக்கு ஒரு நோட்டு. நாம் வெளியே செய்தது தனியாக ஒரு சின்ன நோட்டு. எல்லார் வீட்டிலும் முதல் நோட்டு பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும், இரண்டாவது இருக்கவே இருக்காது. இரவு வீட்டுக்கு வந்ததும் எழுதணும், மறுநாள் என்றால் 501-ஆ 1001-ஆ என்று அம்மாவும் நானும் சண்டைதான்.

ஒரு வரியைப் பார்த்து நீ குழம்பக்கூடும். 2016 நவம்பரில் உன் அத்தை மகளுக்குக் கல்யாணம். 500, 1000 ரூபாய் செல்லாது என்று 8-ம் தேதி ராத்திரி அறிவித்த அந்த வாரம். வந்ததில் பாதி பழைய நோட்டு. அத்தை வீட்டில் ஒவ்வொரு வரியிலும் ‘ப.நோ.’ என்று எழுதி வைத்தார்கள். டிசம்பர் 30 வரை பேங்கில் கட்ட முடிந்ததால் யாருக்கும் நஷ்டமில்லை, அதனால் முழுசாகத்தான் திருப்பிச் செய்தார்கள். நம் சின்ன நோட்டில் நானும் அதையே எழுதியிருக்கிறேன். பழைய நோட்டு என்பதைத் தவிர வேறு அர்த்தம் இல்லை.

மருமகளிடமும் கேள். அவள் ஆபீஸ் தோழிகள் உன் நம்பருக்குப் போட்டிருந்தால் அது உங்கள் இரண்டு பேர் கணக்கு, தனியாக எழுதிக்கொள்ளுங்கள். பெண் வீட்டு மேஜையில் விழுந்தது சம்பந்தி வீட்டு நோட்டில் இருக்கிறது, அதைத் திருப்புவது அவர்கள் பொறுப்பு. நாம் தொட வேண்டாம்.

இன்னொரு அவசரமும் இருக்கிறது. கருமாத்தூர் மாமா பேரனுக்குத் தை மாசம் காதுகுத்து. 2001 எழுதலாம் என்று வைத்திருக்கிறேன், 900 புதுசு. ஆனால் மாமாவின் சின்ன மகன் உன் நம்பருக்கு 1000 போட்டதாக அம்மா எங்கோ கேள்விப்பட்டிருக்கிறாள். அவன் இப்போது தனிக்குடித்தனம். அது அவன் தனியாகச் செய்த மொய் என்றால் அவன் பேரில் புதுப்பக்கம் போட்டு, அவன் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பணும். அப்பா கொடுத்து அனுப்பியது என்றால் மாமாவுக்கு நம் பாக்கி 2101 ஆகிவிடும், 2001 வைத்தால் குறைச்சல். அவனுக்கே போன் போட்டுப் பக்குவமாகக் கேள். பொங்கலுக்கு முன்னால் பதில் எழுது.

அன்புடன்,
அப்பா