குளிர்சாதன மெக்கானிக்காக அமீரகம் புறப்படும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய இரண்டு பணி வாய்ப்புக் கடிதங்களையும் படித்துப் பார்த்தேன். துபாய் நிறுவனம் மாதம் 1,800 திர்ஹம் தருவதாகவும், ஷார்ஜா நிறுவனம் 1,700 திர்ஹம் தருவதாகவும் எழுதியிருக்கின்றன. நூறு திர்ஹம் கூடுதலாகக் கிடைக்கும் இடத்தை விட்டுவிட்டு மற்றதைப் பற்றி யோசிக்க என்ன இருக்கிறது என்று உன் அப்பா கேட்டதாகச் சொன்னாய். யோசிக்க நிறையவே இருக்கிறது. அந்த மொத்தத் தொகைக்கு மேலே உள்ள வரிகளை அவர் பார்க்கவில்லை.

துபாய்க் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 800 திர்ஹம்தான். மீதி 1,000 திர்ஹம் உணவுப்படி, சைட் அலவன்ஸ், போக்குவரத்துப்படி என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. ஷார்ஜாக் கடிதத்திலோ அடிப்படைச் சம்பளம் 1,300, படிகள் 400. அமீரகத் தொழிலாளர் சட்டப்படி ஓவர்டைம் கூலியும், வேலையை விட்டு வரும்போது தரப்படும் பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகின்றன என்பதால், எந்த வரியில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்பது மொத்தத் தொகையைவிட முக்கியமாகிறது.

கணக்கை நீயே போட்டுப் பார்க்கலாம். அடிப்படைச் சம்பளத்தை 30 நாளால் வகுத்து, வரும் தொகையை 8 மணி நேரத்தால் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி கிடைக்கும். சாதாரண ஓவர்டைமுக்கு அதன்மேல் குறைந்தது 25 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும். துபாயில் இது மணிக்கு ஏறக்குறைய 4.17 திர்ஹம், ஷார்ஜாவில் 6.77 திர்ஹம். கோடைக்காலத்தில் குளிர்சாதன வேலைக்கு ஓய்வே இருக்காது. மாதம் 40 மணி நேரம் கூடுதலாக உழைத்தாய் என்று வைத்துக்கொள். துபாயில் மொத்தம் சுமார் 1,967 திர்ஹமும் ஷார்ஜாவில் சுமார் 1,971 திர்ஹமும் கைக்கு வரும். நூறு திர்ஹம் வித்தியாசம் அங்கேயே கரைந்துவிடுகிறது. அடுத்தது பணிக்கொடை. ஓராண்டு முடித்தவர்களுக்கு, முதல் ஐந்து ஆண்டுகள் வரை ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்பது சட்டம். இரண்டு ஆண்டு கழித்து ஊர் திரும்பினால் துபாயில் 1,120 திர்ஹமும் ஷார்ஜாவில் 1,820 திர்ஹமும் கிடைக்கும். எடுக்காமல் விட்ட விடுப்பை வேலை முடியும்போது பணமாக்குவதும் அடிப்படைச் சம்பளத்தில்தான். இவற்றுக்கெல்லாம் மேலாக, சைட் அலவன்ஸ் என்பது அந்த சைட்டில் இருக்கும் வரைதான் என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வேறு கட்டடத்துக்கு மாற்றினால் அந்தப் பணம் நின்றுபோகலாம்.

ஆகவே என் யோசனை ஷார்ஜாதான். ஆனால் நீ அனுப்பிய இரண்டும் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் அடித்த கடிதங்கள் என்பதை மறந்துவிடாதே. அமீரகத்தின் மனிதவள அமைச்சகத்துக்கென்று தனிப் பணி வாய்ப்புப் படிவம் உண்டு. அதில் நீ ஊரிலேயே கையெழுத்திட வேண்டும், அங்கே போனபின் போடும் ஒப்பந்தம் அந்தப் படிவத்துக்குக் குறைவாக இருக்கக் கூடாது. அரபி, ஆங்கிலம் தவிரத் தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் அந்தப் படிவத்தைத் தருவதற்கு ஏற்பாடு இருக்கிறது. அந்த மொழிகளின் பட்டியலில் தமிழும் உண்டு. தமிழ்ப் படிவம் வேண்டும் என்று கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கேட்டதும் ஏஜென்ட் முகம் சுளித்தால் அந்தச் சுளிப்பையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்.

தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்குள் உன்னை நீக்குவதானால் 14 நாள் முன்னறிவிப்பை எழுத்தில் தர வேண்டும். அந்தக் காலத்திலேயே நீ அமீரகத்துக்குள் வேறு நிறுவனத்துக்கு மாற விரும்பினால் ஒரு மாதம் முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டை நிறுவனம் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை கிடையாது. இவற்றுக்கு மாறாக எதுவும் படிவத்தில் இல்லை என்று சரிபார்த்துக்கொள்.

ஏஜென்ட் விஷயத்தில் நம் கரையோர ஊர்களில் இன்னும் பழைய வழக்கமே நடக்கிறது. கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்றால் போதும், அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போய்விடும். இந்தியச் சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜென்ட் உன்னிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும்தான், அதாவது 35,400 ரூபாய், அதற்கு ரசீதும் உண்டு. அமீரகச் சட்டமோ ஆள் சேர்ப்புச் செலவை முதலாளி தொழிலாளியிடம் வசூலிக்கவே கூடாது என்கிறது. லட்சக் கணக்கில் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்பதை அவரே எழுதித் தரட்டும். அவருடைய பதிவு எண்ணை emigrate.gov.in தளத்தில் தேடிப் பார். நீ பத்தாம் வகுப்பு தேறியவன் என்பதால் உனக்குக் குடியகல்வு அனுமதி தேவைப்படாது. ஆனால் அந்தச் சலுகையைக் காட்டியே, "விசிட் விசாவில் வந்துவிடு, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று சிலர் சொல்வார்கள். விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே சட்டவிரோதம். சம்பளம் தரவில்லை என்று நீ புகார் செய்யப் போனால் உன் பெயரில் ஒப்பந்தமே இருக்காது.

இனி வேலையைப் பற்றி. மண்டபத்து ஐஸ் கம்பெனியில் நீ கற்றுக்கொண்டது சாதாரணக் கல்வி அல்ல. கந்தகக் குச்சியைப் பற்றவைத்து, வெள்ளைப் புகை எங்கே எழும்புகிறது என்று பார்த்து அமோனியா கசிவைக் கண்டுபிடிக்கிறாய். கம்ப்ரஸர் சத்தத்தை வைத்தே வால்வு பிளேட் உடைந்ததைச் சொல்கிறாய். அமீரகத்தில் அமோனியாவைப் பெரும்பாலும் பார்க்க மாட்டாய். ஆர்-410ஏ, ஆர்-134ஏ போன்ற வாயுக்களும், எலக்ட்ரானிக் டிடெக்டரும், நைட்ரஜன் பிரஷர் டெஸ்டும்தான் இருக்கும். வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் திரும்பப் பிடிக்கச் சொல்வார்கள். இவற்றைச் சில வாரங்களில் கற்றுவிடுவாய். உனக்குச் சிரமமாக இருக்கப் போவது பூட்டு.

ஐஸ் கம்பெனியில் மோட்டாரை நிறுத்திவிட்டு பெல்ட்டை மாற்றும்போது, அதைத் திரும்பப் போடக்கூடிய ஆள் உன் கண்ணெதிரே நிற்கிறான். "போடாதே அண்ணே" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். பெரிய கட்டடத்தில் குளிர்ந்த காற்றை அறைகளுக்குத் தள்ளும் ஏர் ஹேண்ட்லிங் யூனிட்டின் மின்விசிறியை இயக்குவது ஆள் அல்ல. எங்கோ ஒரு கட்டுப்பாட்டு அறையில் இருந்துகொண்டு கட்டடத்தின் இயந்திரங்களை எல்லாம் நடத்தும் பி.எம்.எஸ். கணினி, காலை ஆறு மணி என்று நேரம் குறித்து வைத்திருந்தால் அந்த நேரத்துக்கு அதைத் தானாகவே ஓடவிடும். அப்போது உன் விரல்கள் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இருக்கின்றனவா என்பது அதற்குத் தெரியாது. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் போனில் "ஆஃப் பண்ணிட்டேன்" என்று சொன்னாலும் அதைத் துண்டிப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அதனால் இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கும், மின் இணைப்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்சை நீயே அணைத்து, அதில் உன் சொந்தப் பூட்டை மாட்டி, உன் பெயரும் நேரமும் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, சாவியை உன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதன்பிறகு ஸ்டார்ட் கொடுத்துப் பார்த்து ஓடவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டரால் பார்ப்பதற்கு முன்னும் பின்னும், மின்சாரம் இருக்கும் வேறோர் இடத்தில் அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரி தீர்ந்த டெஸ்டரும் "மின்சாரம் இல்லை" என்றுதான் காட்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. அடுத்தவன் பூட்டை அவன் வரும் வரை யாரும் தொடக் கூடாது. நம் ஊரில் மூன்று நிமிடத்தில் முடிக்கிற பெல்ட் வேலைக்கு, அனுமதிச் சீட்டு வாங்குவதிலிருந்து அதை முடித்துத் திருப்பிக் கொடுப்பது வரை அங்கே அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வேகமாக முடித்தால் மேஸ்திரி மெச்சுவார் என்ற எண்ணத்தில் பூட்டாமல் வேலை செய்யும் திறமைசாலிகளைத்தான் நான் சூப்பர்வைசராக இருந்தபோது முதலில் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. கைத்திறன் குறைந்தவனைப் பயிற்சி கொடுத்து வைத்துக்கொண்டோம்.

மொழியைப் பற்றி நீ அதிகம் பயப்படுகிறாய் என்று தெரிகிறது. இந்தியும் மலையாளமும் கேண்டீனிலும் அறையிலும் உனக்குத் தானாக வந்துவிடும். ஆங்கிலம் இரண்டு இடங்களில் மட்டும் உன்னைக் கைவிடக் கூடாது: வாக்கி டாக்கியில் எண்களைக் கேட்கும்போது, வேலை முடிந்தபின் ஜாப் ஷீட் எழுதும்போது. தர்ட்டீன் என்பதும் தர்ட்டி என்பதும் இரைச்சலில் ஒன்றாகக் கேட்கும். பதின்மூன்றாம் யூனிட்டை நிறுத்தச் சொன்னபோது முப்பதாம் யூனிட்டைப் பூட்டிவிட்டு, ஓடிக்கொண்டிருப்பதில் கை வைக்க நேரும். எனவே எண்ணை இலக்கம் இலக்கமாக, "ஒன் த்ரீ" என்று திருப்பிச் சொல்லி, எதிர்முனையில் ஆமாம் என்று வந்தபிறகே நகர வேண்டும். புரியாதபோது "ஓகே சார்" என்று சொல்வது நம் பையன்களிடம் மரியாதையாகவே வளர்ந்துவிட்ட பழக்கம். அங்கே அதைப் புரிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள், பின்னால் பொறுப்பும் உன்மேல்தான் வரும்.

ஜாப் ஷீட்டில் "ஏசி செக்டு, ஓகே" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. என்ன புகார், நீ என்ன கண்டாய், என்ன செய்தாய், எந்த உதிரிபாகம் போட்டாய், எது பாக்கி என்ற ஐந்துக்கும் பதில் வேண்டும். சக்ஷன், டிஸ்சார்ஜ் அழுத்தங்கள், மோட்டார் எடுக்கும் ஆம்பியர், உள்ளே போகும் காற்று, வெளியே வரும் காற்று ஆகியவற்றின் வெப்பநிலை எல்லாம் அலகோடு இருக்க வேண்டும். அடுத்த ஷிப்டில் வருபவன் உன்னைப் பார்த்திருக்கவே மாட்டான். அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடர்வான். இலக்கணப் பிழை இருந்தால் ஒருவரும் பொருட்படுத்த மாட்டார்கள், எண்ணும் அலகும் தவறினால் பொருட்படுத்துவார்கள்.

விசா வர இன்னும் சில வாரங்கள் ஆகும். அதுவரை ஐஸ் கம்பெனியில் அன்றன்று செய்த ஒரு வேலையை, இந்த ஐந்து கேள்விக்கும் பதிலாக ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதிப் படமெடுத்து எனக்கு அனுப்பு. அமோனியா கம்ப்ரஸராக இருந்தாலும் பரவாயில்லை, ஐஸ் உறையும் உப்புநீர்த் தொட்டியான பிரைன் டேங்க்கின் வெப்பநிலையிலிருந்தே தொடங்கலாம். திருத்தி அன்றிரவே திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்