நிரப்பு காணும் முன் இறந்த நிலையைச் சேர்க்கச் சொல்லுங்கள்: பாடநூல் எழுதுவோருக்கும் வினாத்தாள் அமைப்போருக்கும் ஒரு திறந்த மடல்

தானியங்கிக் கோட்பாட்டுக்குப் பாடநூல் எழுதும், வினாத்தாள் அமைக்கும், விடைத்தாள் திருத்தும் மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஒரு டி.எஃப்.ஏ. ஏற்கும் மொழிக்கு நிரப்பு மொழி காண, ஏற்பு நிலைகளை ஏற்காதவையாகவும் ஏற்காதவற்றை ஏற்பு நிலைகளாகவும் மாற்றினால் போதும் என்று நாம் கற்பிக்கிறோம். இந்த விதி ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. ஒவ்வொரு நிலையிலிருந்தும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நகர்வு இருந்தே ஆக வேண்டும். ராபினும் ஸ்காட்டும் 1959இல் வெளியிட்ட கட்டுரையில் நகர்வுச் சார்பு எல்லா நிலை–எழுத்து இணைகளுக்கும் வரையறுக்கப்பட்டிருந்ததால், அங்கே இந்த நிபந்தனையைத் தனியாகச் சொல்லத் தேவை எழவில்லை. நாமோ வரையறையில் முழுச் சார்பை எழுதிவிட்டு, படம் வரையும்போது எங்கும் போகாத அம்புகளை இடம் கருதி விட்டுவிடுகிறோம். அந்தப் படத்தை அப்படியே எடுத்து நிலைகளை மாற்றும் மாணவர் தவறான விடையை அடைகிறார். அந்த விடை தவறு என்பதை அவருக்கு உணர்த்த அந்தப் படத்தில் எதுவும் இல்லை. இதைச் சரிசெய்யுமாறு கேட்கவே இந்த மடல்.

மிகச் சிறிய ஓர் எடுத்துக்காட்டே போதும். எழுத்துத் தொகுதி a, b ஆகிய இரண்டு மட்டும். ஒரு a, அதன் பின் எத்தனை b வேண்டுமானாலும் வரலாம் என்பது மொழி, அதாவது ab*. இதற்கு வழக்கமாக வரையப்படும் தானியங்கியின் அட்டவணை இது:

```
        a    b
→ q0    q1   -
* q1    -    q1
```

கோடு இட்ட இரண்டு இடங்களிலும் நகர்வு இல்லை. அங்கே வந்த சொல் பாதியிலேயே நின்றுவிடும், ஆகவே ஏற்கப்படாது. ab* என்ற மொழியை ஏற்பது மட்டுமே நோக்கம் என்றால் இந்தத் தானியங்கியில் எந்தக் குறையும் இல்லை. இப்போது q1ஐ ஏற்காத நிலையாகவும் q0ஐ ஏற்பு நிலையாகவும் மாற்றிப் பாருங்கள். q0க்குத் திரும்பி வரும் நகர்வு எதுவும் இல்லாததால், புதிய தானியங்கி ஏற்கும் ஒரே சொல் வெற்றுச் சொல்தான். b, aa, aba போன்றவை முதல் தானியங்கியிலும் நின்றுவிட்டன, மாற்றியதிலும் அதே இடத்தில் நின்றுவிடுகின்றன. இப்படி ஒரு சொல் ஒரு மொழியிலும் இல்லாமல் அதன் நிரப்பிலும் இல்லாமல் போகிறது. நிரப்பு என்பதன் வரையறைப்படி இது நடக்கவே முடியாது.

காரணம் எளியது. ஒரு சொல் ஏற்கப்படாமல் போக, பகுதித் தானியங்கியில் இரண்டு வழிகள் உண்டு: முழுவதும் வாசிக்கப்பட்டு ஏற்காத நிலையில் முடிவது ஒன்று, நடுவில் நகர்வு இல்லாமல் நிற்பது மற்றொன்று. நிலைகளை மாற்றும் செயல் முதல் வகையை மட்டுமே தொடுகிறது. இரண்டாம் வகைக்கு மாற்றுவதற்கு ஒரு நிலையே இல்லை. அந்த நிலையைக் கொடுப்பதுதான் இறந்த நிலையின் வேலை:

```
        a    b
→ q0    q1   d
* q1    d    q1
  d     d    d
```

இது ஏற்கும் மொழி முன்பிருந்த ab* தான். ஒரு சொல்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் இப்போது எந்தச் சொல்லும் ஏதோ ஒரு நிலையில்தான் முடியும். நிலைகளை மாற்றினால் q0, d இரண்டும் ஏற்பு நிலைகள் ஆகின்றன. வெற்றுச் சொல், b-யில் தொடங்கும் எல்லாச் சொற்கள், இரண்டாவது a ஒன்றைக் கொண்ட எல்லாச் சொற்கள் என நிரப்பு மொழி முழுமையாகக் கிடைக்கிறது. கூடுதல் செலவு ஒரே ஒரு நிலையும், விடுபட்ட நகர்வுகளும் மட்டுமே.

இந்தத் தவற்றைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தன் விடையைச் சோதிக்க நினைக்கும் மாணவருக்கு முதலில் தோன்றும் வழி, நிரப்பின் நிரப்பு மூல மொழியே என்ற விதியைப் பயன்படுத்துவது. தவறான முறை இந்தச் சோதனையில் தேறிவிடும்! நிலைகளை இருமுறை மாற்றினால் தொடங்கிய தானியங்கியே அச்சுப் பிசகாமல் திரும்பி வருகிறது. நடுவில் தொலைந்த சொற்களைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஆகவே வேறொரு சோதனையைக் கற்பிக்க வேண்டும். குறிப்பிட்ட நீளமுள்ள சொற்களில் மூலத் தானியங்கி எத்தனையை ஏற்கிறது, மாற்றியது எத்தனையை ஏற்கிறது என்று எண்ணிக் கூட்டினால், அந்த நீளமுள்ள மொத்தச் சொற்களின் எண்ணிக்கை வர வேண்டும். மேலே கண்ட எடுத்துக்காட்டில் நீளம் 3 என்றால் மொத்தம் 8 சொற்கள். மூலம் abb என்ற ஒன்றை மட்டும் ஏற்கிறது. அரைகுறையாக மாற்றியது ஒன்றையும் ஏற்பதில்லை; கூட்டுத்தொகை 1. இறந்த நிலையைச் சேர்த்து மாற்றியது 7 சொற்களை ஏற்கிறது; கூட்டுத்தொகை 8. நீளம் 0 மட்டும் வைத்துச் சோதித்தால் தவறு வெளிப்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே இரண்டு முறைகளுமே சரியான தொகையைக் காட்டும்.

தவறு எப்போதும் ஒரே பக்கம்தான் சாய்கிறது. மாற்றிய பகுதித் தானியங்கி ஒரு சொல்லை ஏற்றால், அந்தச் சொல் முழுதும் வாசிக்கப்பட்டு மூலத்தின் ஏற்காத நிலையில் முடிந்திருக்கிறது என்று பொருள்; எனவே அது உண்மையான நிரப்பிலும் இருக்கும். ஆக, தவறான நிரப்பு உண்மையான நிரப்பின் உட்கணமே. அதில் சொற்கள் குறையலாம், ஒருபோதும் மிகாது. நிரப்பை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால்தான் இந்தச் சாய்வின் ஆபத்து புரியும். A-யின் மொழி B-யின் மொழிக்குள் அடங்குமா என்று அறிய, A-யை B-யின் நிரப்போடு வெட்டி, கிடைப்பது வெற்றா என்று பார்க்கிறோம். நிரப்பில் சொற்கள் குறைந்தால் வெட்டிலும் குறையும். அடங்காததை இந்தச் சோதனை ‘அடங்கும்’ என்று விடை சொல்லிவிடும். அது எதிர்ச்சான்று ஒன்றைக் காட்டினால் அதை நம்பலாம். குறை ஏதும் இல்லை என்று சொன்னால் அதை நம்ப முடியாது. சரிபார்ப்புக் கருவி ஒன்றுக்கு இதைவிடக் கேடான குறை இருக்க முடியாது என்பது என் கருத்து.

ஒரு கோப்பைக் கையாளும் விதியை எடுத்துக்கொள்வோம். செயல்கள் மூன்று: திற, படி, மூடு. மூடிய நிலையில் ‘திற’ மட்டுமே வரலாம். திறந்த நிலையில் ‘படி’ வந்தால் அதே நிலை தொடரும், ‘மூடு’ வந்தால் மூடிய நிலைக்குத் திரும்பும். நடந்தவரை விதி மீறப்படவில்லை என்பதே ஏற்புக்குப் பொருள் என்பதால், இரண்டு நிலைகளுமே ஏற்பு நிலைகள். விதிமீறல் எதுவானாலும் அது விடுபட்ட நகர்வாகவே இந்தத் தானியங்கியில் இருக்கிறது. இதை முழுமையாக்காமல் நிலைகளை மாற்றினால் ஏற்பு நிலை ஒன்றுகூட மிஞ்சாது. நிரப்பு வெற்று மொழியாகும். எந்த நிரலோடு வெட்டினாலும் வெற்றே கிடைக்கும். திற, மூடு, படி என்ற வரிசையில் செயல்படும் நிரலும் விதிப்படி நடக்கிறது என்று சான்றிதழ் பெற்றுவிடும். விடுபட்ட மூன்று நகர்வுகளையும் இறந்த நிலைக்கு அனுப்பிவிட்டு மாற்றினால், அதே வரிசை மூன்றாம் செயலில் அந்த நிலையை அடைகிறது. நிரப்பில் அதுவே ஏற்பு நிலை என்பதால் மீறல் உடனே பிடிபடுகிறது.

இதே எடுத்துக்காட்டு இன்னொரு கேள்வியையும் எழுப்புகிறது: எந்த எழுத்துத் தொகுதியின் மீது முழுமையாக்குவது? நிரலில் ‘எழுது’ என்ற நான்காவது செயல் இருந்து, விதியின் தானியங்கியை மூன்று செயல்களுக்கு மட்டும் முழுமையாக்கியிருந்தால், ‘எழுது’ வரும் இடத்தில் வெட்டுத் தானியங்கிக்கு நகர்வு இருக்காது. பழைய தவறே வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது. எனவே இரண்டு தானியங்கிகளின் எழுத்துகளையும் முதலில் ஒன்றுசேர்த்து, அந்தச் சேர்ப்பின் மீதே முழுமையாக்க வேண்டும். அப்போதும் ‘எழுது’ இறந்த நிலைக்குப் போக வேண்டுமா, இருக்கும் நிலையிலேயே சுற்ற வேண்டுமா என்பதை விதியை எழுதியவர்தான் முடிவு செய்ய வேண்டும். முதலாவது ‘தடை’ என்றும், இரண்டாவது ‘இந்த விதிக்கு அதைப் பற்றி அக்கறை இல்லை’ என்றும் பொருள்படும். எந்த நிரலும் இதைத் தானே ஊகிக்க முடியாது.

என்.எஃப்.ஏ.யில் தொடங்குவோருக்கு ஒரு சொல். உட்கண முறையில் டி.எஃப்.ஏ. ஆக்கும்போது வரும் வெற்றுக் கணமே இறந்த நிலை. கையால் போடும்போது பலரும் அதைப் பயனற்றது என்று அட்டவணையிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். நிரப்புக்குப் போகிறோம் என்றால் அந்த வரிசையை நீக்கக் கூடாது. பயனற்ற நிலைகளைக் களைவது நிலைகளை மாற்றிய பிறகு மட்டுமே நடக்க வேண்டிய வேலை. அதற்கு முன் செய்தால், நிரப்பில் ஏற்பு நிலையாக வேண்டிய ஒன்றைக் களைந்துவிடுவோம்.

என் வேண்டுகோள்கள் இவை. நிரப்புத் தேற்றத்தைப் பாடநூலில் எழுதும்போது, ‘முழுமையான டி.எஃப்.ஏ.’ என்ற சொற்களைத் தேற்றத்தின் கூற்றிலேயே எழுதுங்கள், அடிக்குறிப்பில் அல்ல. அதன் கீழ் வரும் முதல் எடுத்துக்காட்டாக, நகர்வுகள் விடுபட்ட ஒரு தானியங்கியையே கொடுங்கள். எல்லா அம்புகளும் உள்ள படத்தைக் கொடுத்தால் இந்தப் படியின் தேவையே மாணவர் கண்ணில் படாது. வினாத்தாளில் ab* போன்ற சிறிய பகுதித் தானியங்கி ஒன்றைத் தந்து, நிரப்பைக் கேட்பதோடு, நீளம் 2 அல்லது 3 உள்ள சொற்களை எண்ணிச் சரிபார்க்கவும் கேளுங்கள். விடைத்தாள் திருத்தும்போது, இறந்த நிலையைச் சேர்த்த படிக்குத் தனி மதிப்பெண் ஒதுக்குங்கள். அதைச் சேர்க்காமல் நிலைகளை மட்டும் மாற்றிய விடைக்கு, படம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் முழு மதிப்பெண் தர வேண்டாம்.

இப்படிக்கு,
தானியங்கிக் கோட்பாடு கற்பிக்கும் ஓர் ஆசிரியர்