சிவப்புப் பேனாவை எடுக்கும் முன்

வெளிநாட்டு வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிகளில் கட்டுரை திருத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வீட்டில் ஆங்கிலம் பேசி வளரும் ஒரு பிள்ளை இப்படி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம்:

"நேத்து நான் தம்பி அடித்தான். நான் அலுதால் அம்மா திட்டினாங்க. அப்புறம் பாட்டி வீட்டுக்கு போனோம்."

சிவப்பு மை முதலில் பாய்வது 'அலுதால்' என்பதன் லகரத்தில். அடுத்து 'நேத்து', 'திட்டினாங்க' என்ற பேச்சு வழக்கு, 'வீட்டுக்கு' பக்கத்தில் விடுபட்ட ப். இவை எதுவும் நம்மைத் திரும்பப் படிக்க வைக்கவில்லை.

திரும்பப் படிக்க வைப்பவை இரண்டு. முதல் வாக்கியத்தில் அடித்தது யார்? 'அடித்தான்' என்பதன் விகுதியை நம்பினால் தம்பி. ஆனால் '-ஏன்', '-ஆன்' விகுதிகளை மாற்றிப் போடும் பிள்ளைக்கு 'நான் தம்பியை அடித்தேன்' என்பதும் மனதில் இருந்திருக்கலாம். இரண்டாவது, அதே 'அலுதால்'. அதில் லகரம் சில்லறைத் தவறு. விழுங்கப்பட்ட தகரம்தான் பெரிய தவறு. 'அழுததால்' காரணம், 'அழுதால்' நிபந்தனை. ஒரே சொல்லில் இரண்டு பிழை, நம் கண்ணுக்குத் தெரிவது சின்னது.

ஆகவே முதல் வாசிப்பைப் பேனா இல்லாமல் செய்யுங்கள். தடுக்கிய இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போதும். பிறகு அந்த இடங்களில் விடையை எழுதாமல் கேள்வியை எழுதுங்கள்: "யார் யாரை அடித்தது?", "அம்மா ஏன் திட்டினார்?" நாமே 'தம்பியை அடித்தேன்' என்று எழுதிவிட்டால் அது நம் ஊகம், பிள்ளை தலையாட்டி, அப்படியே பெயர்த்து எழுதிவிடும். ஒரு பக்கக் கட்டுரையில் இப்படி மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம்.

பிள்ளை மாற்றி எழுதி வந்த பிறகே எழுத்துப்பிழைக்கு வாருங்கள். அப்போதும் அடிக்கடி வரும் ஒரே வகையை, இங்கே ழகரத்தை, அடிக்கோடு மட்டும் இட்டுக் காட்டினால் அவர்களே திருத்துவார்கள். ஒற்று மிகுதல் இன்னொரு மாதம் வரட்டும். (நமக்கே அதில் தகராறு உண்டு.)

எழுத்துப்பிழை என்றாலே சின்னது என்றும் முடிவு கட்டிவிட முடியாது. 'அரசன் வாலை உருவினான்' என்றால் வாள் என்று எவருக்கும் புரியும். 'பாட்டி கொல்லையைப் பற்றிக் கதை சொன்னாள்' என்றால்? வீட்டுப் பின்புறமா, திருட்டா? அடுத்த வரியிலும் தடயம் இல்லையென்றால் அந்த ஒரு லகரம் முதல் சுற்றுக் கேள்விகளில் இடம்பெற வேண்டும்.

ஒவ்வொரு எழுத்துப்பிழைக்கும் அரை மதிப்பெண் கழிக்கும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால், மேலே உள்ள மூன்று வரியை அந்த முறையில் ஒருமுறை திருத்திப் பாருங்கள். லகரத்துக்கும் தகரத்துக்கும் ஒரே தண்டனைதான் விழும்.

இப்படிக்கு,
கட்டுரைத் தாள் திருத்தும் சக ஆசிரியர்கள்