சிரிப்பு சுடும் இடம்

ஆசிரியருக்கு,

அரசியல் நையாண்டிப் படங்களுக்கு எழும் எதிர்ப்பைத் தலைவர்மீதான பற்றாக மட்டும் தங்கள் தலையங்கம் விளக்கியிருப்பது முழுமையானதன்று. சோவியத் தலைவர் ஸ்டாலினின் மரணத்தையொட்டிய நிகழ்வுகளை நையாண்டி செய்யும் 'தி டெத் ஆஃப் ஸ்டாலின்' படத்தின் திரையிடல் அனுமதியை, 2018 ஜனவரியில், வெளியீட்டுக்கு இரு நாள்களுக்கு முன் ரஷ்யப் பண்பாட்டு அமைச்சகம் ரத்துசெய்தது. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை பெற்ற ஸ்டாலின்கிராட் வெற்றியின் 75ஆம் ஆண்டு நிறைவு நெருங்கிய வேளையில், போர்க்கால நினைவு இழிவுபடுத்தப்படுவதாகவே எதிர்த்தவர்கள் வாதிட்டனர். ஆனால் பதிவுசெய்யப்படாத இசைக்கச்சேரியின் ஒலிப்பதிவை அனுப்பும்படி ஸ்டாலின் கேட்டுவிட, வானொலி அதிகாரி அலறியடித்து அதை மறுபடி நடத்தவைக்கும் தொடக்கக் காட்சி கேலிசெய்வது ஸ்டாலினைவிட அஞ்சிக் கீழ்ப்படிந்தவர்களையே.

திரைப்படச் சங்கமொன்றில் நான் இதைப் பார்த்தபோது, பலத்த சிரிப்பு எழுந்ததும் அந்த அதிகாரியின் பதற்றத்துக்குத்தான். ஆகவே, இத்தகைய படத்துக்கு அனுமதி மறுப்போர், ஆட்சேபத்துக்குரிய காட்சி எது, அதனால் இழிவுபடுவது யார் என்பதை எழுத்தில் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்